ஊழியரின் மின்னஞ்சல் பெட்டிக்குள் வெளியாள் புகுந்தால்: நிர்வாகத்துக்கு எழுதும் அறிக்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் சிறிய, நடுத்தர நிறுவனங்களின் கணினி வேலையைக் கவனிக்கும் நம்மவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. பொதுவாகப் பேசினால் பிடிபடாது என்பதால் ஒரே ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்கிறேன். பல இடங்களில் நடப்பவற்றை வைத்து விளக்கத்துக்காகக் கட்டியது. நிஜ நிறுவனம் எதுவும் இதில் இல்லை. பிறையில் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலை. அறுபது பேர். மைக்ரோசாஃப்ட் 365-இல் மின்னஞ்சல். கணக்குப் பிரிவில் இன்வாய்ஸ் அனுப்பும் ஒரு பெண் ஊழியரின் பெட்டிதான் பறிபோனது.

டைரக்டர் "என்ன நடந்தது, சுருக்கமா கொடு" என்கிறார். முதல் பக்கத்தில் எதைப் போடுவது?

ஒரு பத்தி போதும். எங்கள் சம்பவத்துக்கு அது இப்படி இருக்கும்:

"புதன் காலை 10:52-க்குக் கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவரின் மின்னஞ்சல் பெட்டிக்குள் வெளியாள் நுழைந்தார். அடுத்த வாரம் வியாழன் மதியம் 12:31-க்கு அவரை முழுதாக வெளியேற்றினோம். இடைப்பட்ட நாட்களில் நம் பெயரில் இரண்டு வாடிக்கையாளர்களுக்கு 'வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று எழுதினார். ஒருவர் 148,200 ரிங்கிட் அனுப்பிவிட்டார். அதில் 61,300 ரிங்கிட் வங்கியில் தடுத்து வைக்கப்பட்டுள்ளது. 43 பேரின் அடையாள அட்டை நகல்கள் இருந்த கடிதங்கள் திறக்கப்பட்டுள்ளன. மற்ற பெட்டிகளுக்குள் நுழைந்ததற்கான தடயம் இல்லை. 60 பெட்டிகளின் பதிவுகளையும் பார்த்தோம்."

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். "மற்ற பெட்டிகள் பாதிக்கப்படவில்லை" என்று எழுதவில்லை. அப்படி எழுத நமக்கு ஆதாரம் கிடையாது. எதைப் பார்த்தோம், எவ்வளவு பார்த்தோம், எது கண்ணில் படவில்லை என்பது வரைக்கும்தான் நம் பேச்சு. மூன்று மாதம் கழித்து வழக்கறிஞரோ காப்புறுதிக்காரரோ இதே தாளை எடுத்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார். அன்றைக்கு இந்த ஒரு வாக்கியம் உங்களைக் காப்பாற்றும்.

ஃபோனில் உறுதிப்பாடு கேட்கிற மாதிரி வைத்திருந்தோமே, அப்புறம் எப்படி உள்ளே வந்தான்?

டைரக்டர் கட்டாயம் கேட்கப்போகும் கேள்வி இது. அறிக்கையில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். "ஊழியர் இணைப்பைச் சொடுக்கினார்" என்று எழுதினால் அது பதில் ஆகாது.

புதன் காலை 10:42-க்கு அவருக்கு ஒரு கடிதம் வந்தது. தினமும் பேசும் லாரி ஏஜெண்டின் உண்மையான முகவரியிலிருந்துதான் வந்தது, ஏனென்றால் அந்த ஏஜெண்டின் பெட்டி ஏற்கனவே பறிபோயிருந்தது. உள்ளே டெலிவரி ஆவணம் என்று ஓர் இணைப்பு. திறந்தால் மைக்ரோசாஃப்டின் நுழைவுப் பக்கம். பார்வைக்கு அசல் மாதிரி இருந்ததற்குக் காரணம் உண்டு: நடுவில் உட்கார்ந்திருந்த சர்வர், அசல் பக்கத்தையே வாங்கி அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தது. அவர் அடித்த கடவுச்சொல்லை அது மைக்ரோசாஃப்டுக்குக் கொடுத்தது. மைக்ரோசாஃப்ட் அவருடைய ஃபோனுக்கு உறுதிப்பாடு அனுப்பியது. அவரும் தான்தானே நுழைகிறோம் என்று அனுமதித்தார். அனுமதி கிடைத்ததும் மைக்ரோசாஃப்ட் கொடுத்த அமர்வுக் குக்கீ நடுவில் இருந்தவன் கையில் போய்ச் சேர்ந்தது. அந்தக் குக்கீ இருந்தால் பிறகு கடவுச்சொல்லும் வேண்டாம், ஃபோனும் வேண்டாம்.

ஆக, ஃபோன் உறுதிப்பாடு பழுதாகவில்லை. எந்த முகவரியில் இருக்கும் பக்கத்துக்காக அனுமதிக்கிறோம் என்று அது பார்ப்பதில்லை, அவ்வளவுதான். பாஸ்கீயும், யூஎஸ்பி சாவியும் பார்க்கும். முகவரி வேறு என்றால் அவை பதில் சொல்லாது. இந்த வேறுபாட்டை இங்கேயே விளக்கிவிட்டால், பின்னால் பாஸ்கீக்குப் பணம் கேட்கும்போது டைரக்டருக்குக் காரணம் ஏற்கனவே தெரிந்திருக்கும்.

காலவரிசையை எப்படி எழுதுவது? எங்களிடம் இருக்கும் நேரங்கள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை.

பெரும்பாலும் இது யூடிசி எனும் உலகப் பொது நேரத்தால் வரும் குழப்பம். யார் எப்போது என்ன செய்தார் என்று மைக்ரோசாஃப்ட் குறித்து வைக்கும் தணிக்கைப் பதிவை இறக்கினால் நேரம் யூடிசியில் இருக்கும்; மலேசிய நேரம் அதைவிட 8 மணி முன்னால். நிர்வாகத் தளத்தின் திரையில் சில பக்கங்கள் நம் ஊர் நேரத்தைக் காட்டும். கடிதத் தலைப்பில் அனுப்பிய சர்வரின் நேரம் இருக்கும். மூன்றையும் அப்படியே ஒட்டினால் கதை தலைகீழாகிவிடும்.

எங்கள் சம்பவத்தில் முதல் நுழைவு பதிவில் 02:52 என்று இருந்தது. அதை அப்படியே அறிக்கையில் போட்டிருந்தால், "விடியற்காலை மூன்று மணிக்கு அந்தப் பெண் ஏன் கணக்கைத் திறந்தார்?" என்று கூட்டத்தில் யாராவது கேட்பார். 8 சேர்த்தால் 10:52. கடிதம் வந்து பத்தே நிமிடம். எல்லாம் பொருந்துகிறது. அதனால் அட்டவணையின் தலையிலேயே "எல்லா நேரமும் மலேசிய நேரம்" என்று எழுதி, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அந்தத் தகவல் எந்தப் பதிவிலிருந்து வந்தது என்று குறியுங்கள்.

வரிகள் அதிகம் வேண்டாம். எங்களுடையது இவ்வளவுதான். புதன் 10:42, கடிதம் வந்தது. 10:52, வெளிநாட்டு முகவரியிலிருந்து நுழைவு. 11:20, வரும் கடிதங்களைத் தானாக நகர்த்தும் ஒரு விதி பெட்டிக்குள் உருவாக்கப்பட்டது. வியாழன் முதல் ஞாயிறு வரை, வெளியாள் கடிதங்களைப் படித்துக்கொண்டிருந்தார். திங்கள் 9:15, இரண்டு வாடிக்கையாளர்களுக்குப் பழைய உரையாடலிலேயே பதில் போல எழுதினார். செவ்வாய் 15:30, ஜொகூர் வாடிக்கையாளர் பணம் அனுப்பினார். வியாழன் 11:05, அவரே ஃபோன் செய்து "ரசீது இன்னும் வரலையே" என்றார். 11:40, பெட்டி பறிபோனது உறுதியானது. 11:48, கடவுச்சொல் மாற்றம். 12:31, முழு வெளியேற்றம்.

11:48-க்கும் 12:31-க்கும் நடுவில் இருக்கும் 43 நிமிடத்தை மறைக்க ஆசை வரும். மறைக்காதீர்கள். கடவுச்சொல்லை மாற்றிய கையோடு வேலை முடிந்தது என்று நினைத்தோம்; ஏற்கனவே திறந்திருந்த அமர்வை ரத்து செய்யவில்லை. 12:09-க்கு அதே ஆள் மறுபடியும் கடிதம் படித்தது பதிவில் இருக்கிறது. அமர்வுகளை ரத்து செய்து, அவர் தன் பங்குக்குச் சேர்த்து வைத்திருந்த இரண்டாவது உறுதிப்பாட்டு ஃபோனையும் நீக்கிய பிறகுதான் கதவு மூடியது. அடுத்த முறை கைக்கு வேண்டிய வரிசை இந்த வரியிலிருந்துதான் கிடைக்கும்.

எட்டு நாளாக அந்த ஊழியருக்கு எதுவும் தெரியவில்லை என்பதை நிர்வாகம் நம்புமா?

அந்த விதியைக் காட்டினால் நம்புவார்கள். அதன் பெயர் ஒரே ஒரு புள்ளி. அந்த இரண்டு வாடிக்கையாளர்களிடமிருந்து வரும் எந்தக் கடிதத்தையும் "படித்தது" என்று குறித்து `RSS Feeds` என்ற அடைவுக்குள் தள்ளியது. அவுட்லுக்கில் அந்த அடைவு பலருக்கு இருக்கிறது, யாரும் திறப்பதில்லை. வாடிக்கையாளர் "இந்தப் புதுக் கணக்கு சரிதானா?" என்று திங்கட்கிழமையே எழுதிக் கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வி ஊழியரின் கண்ணுக்கு வரவே இல்லை. "ஆம், சரிதான்" என்று பதில் எழுதியது வெளியாள்.

விதியை எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் பவர்ஷெல்லில் இப்படி எடுக்கலாம்:

```
Get-InboxRule -Mailbox akaun@example.com -IncludeHidden |
  Format-List Name,From,MoveToFolder,MarkAsRead
```

அழிப்பதற்கு முன்னால் வெளியீட்டைச் சேமித்துவிடுங்கள். பதற்றத்தில் முதலில் விதியை நீக்கிவிட்டு, பிறகு அறிக்கையில் வைக்கப் படம் இல்லாமல் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அவன் எதையெல்லாம் படித்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு முடியும். கஷ்டமான பகுதி இதுதான். நேரத்தையும் இதற்குத்தான் கொடுக்க வேண்டும்.

தணிக்கைப் பதிவில் `MailItemsAccessed` என்று ஒரு வகை உண்டு. ஒரு கடிதம் திறக்கப்பட்டால் அதன் அடையாள எண் அதில் விழும். ஆனால் ஊழியர் திறந்ததும் அதில்தான் விழும். இருவரையும் பிரிப்பதற்கு அமர்வு எண்ணும் இணைய முகவரியும் வேண்டும். எங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு அமைந்தது: இடையில் தைப்பூசம் வந்தது. வெள்ளிக்கிழமை விடுமுறை; முந்தைய நாளும் அவர் லீவு எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு தண்ணீர்மலைக்குப் போகும் ரதத்தின் பின்னால் நடந்துகொண்டிருந்தார். அலுவலகக் கணினி அணைந்திருந்தது. அந்த இரண்டு நாளும் அவருடைய ஃபோன் தானாகக் கடிதம் இழுத்தது தனியாகத் தெரிந்தது, மலேசியக் கைப்பேசி முகவரி. மற்ற எல்லாத் திறப்பும் ஒரே வெளிநாட்டு முகவரி, ஒரே அமர்வு எண். அந்த அமர்வு எண்ணைப் பிடித்துக்கொண்டு எட்டு நாளுக்கும் தேடியபோது, அலுவலக நேரத்தில் நடந்த திறப்புகளும் பிரிந்துவிட்டன. திறந்த கடிதங்கள் 318. அவற்றில் பெரும்பாலும் இன்வாய்ஸ். ஒன்பதில் புதிய ஊழியர்களின் அடையாள அட்டை நகலும் வங்கிக் கணக்கு எண்ணும், மொத்தம் 43 பேருடையவை.

இதற்கு எல்லைகள் இருக்கின்றன, அவற்றையும் எழுதுங்கள். ஒரு பெட்டியில் 24 மணி நேரத்துக்குள் இந்த வகைப் பதிவு ஆயிரத்தைத் தாண்டினால் அடுத்த 24 மணி நேரத்துக்கு மைக்ரோசாஃப்ட் அதைப் பதிவதை நிறுத்திவிடும். அப்படி நடந்த நாளுக்கு "தெரியவில்லை" என்றுதான் போட வேண்டும். வெளியாள் கணினி அவுட்லுக்கை வைத்துப் பெட்டியை ஒத்திசைத்திருந்தால், கடிதம் கடிதமாகக் கணக்கு கிடைக்காது. அந்த அடைவு முழுவதும் போனதாக எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் சம்பவத்தில் இரண்டும் இல்லை, பார்த்து உறுதி செய்தோம்.

இன்னொன்று, பதிவுகளின் ஆயுள். கட்டணமில்லாத அடிப்படைத் திட்டத்தில் நுழைவுப் பதிவு 7 நாள்தான் நிற்கும். நாங்கள் கண்டுபிடித்தது 8 நாள் கழித்து! முதல் நுழைவு அந்தப் பக்கத்தில் இல்லவே இல்லை. தணிக்கைப் பதிவு 180 நாள் நிற்பதால் 10:52 என்ற அந்த வரி அங்கிருந்து கிடைத்தது. உங்கள் இடத்தில் தணிக்கைப் பதிவு இயங்குகிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

நஷ்டத்தை எப்படிக் கணக்கிட்டு எழுதுவது? பணம் போனது எங்களுடையது இல்லை, வாடிக்கையாளருடையது.

அதனால்தான் தொகையை ஒரே எண்ணாக எழுதக் கூடாது. 148,200 அனுப்பப்பட்டது, 61,300 தடுத்து வைக்கப்பட்டுள்ளது, 86,900 கைமாறிவிட்டது. நமக்கு வர வேண்டிய 148,200 இன்னும் வரவில்லை. இவை நான்கு தனித்தனி விஷயங்கள். தடுக்கப்பட்ட பணம் திரும்பி வந்த பணம் ஆகாது. வங்கியும் போலீசும் முடிவு செய்யும்வரை அது நடுவில் நிற்கும்.

பணத்தைத் தடுக்க முடிந்ததற்குக் காரணம், வியாழன் 11:40-க்கு நம் கணக்குப் பிரிவுத் தலைவர் வாடிக்கையாளரைக் கூப்பிட்டு, "அண்ணே, உங்க வங்கியையும் 997-ஐயும் நீங்கதான் இப்பவே கூப்பிடணும், பணம் உங்க கணக்கிலிருந்து போயிருக்கு" என்று சொன்னது. 997 என்பது தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண். நாம் அழைத்தால், பணம் போன கணக்கு நம்முடையது இல்லையே என்பதிலேயே நேரம் ஓடும். போலீஸ் ரிப்போர்ட்டையும் அவர் அவர் பக்கத்தில், நாம் நம் பக்கத்தில் தனித்தனியாகப் போட்டோம்.

யார் நஷ்டத்தைச் சுமப்பது என்பதை அறிக்கையில் எழுதாதீர்கள். "நம் தவறால்" என்ற ஒரு சொல்கூட வேண்டாம், "அவர் சரிபார்த்திருக்க வேண்டும்" என்பதும் வேண்டாம். அது வழக்கறிஞரின் வேலை. நடந்ததை மட்டும் சொல்லுங்கள்: எழுதியது நம் உண்மையான முகவரியிலிருந்து, அவர் மின்னஞ்சலில் சரிபார்த்தார், தொலைபேசியில் சரிபார்க்கவில்லை. இரண்டாவது வாடிக்கையாளர், பத்து காஜாவில் இருப்பவர், வழக்கமாகப் பேசும் எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம் என்று கடிதத்தைத் தள்ளி வைத்திருந்தார். அவர் பணம் தப்பியது.

அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டுமா?

இந்தச் சம்பவத்தில் ஆம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத் திருத்தத்தின்படி, 2025 ஜூன் 1 முதல் கணிசமான தீங்கு விளைவிக்கக்கூடிய தரவு மீறலை ஆணையரிடம் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஆயிரம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டால்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஓர் அளவுகோல் மட்டுமே. 43 பேர்தான் என்றாலும் அடையாள அட்டை நகலும் வங்கிக் கணக்கும் சேர்ந்து போயிருக்கின்றன, அடையாள மோசடிக்கு அது போதும். ஆணையருக்குச் சொன்னதிலிருந்து 7 நாளுக்குள் அந்த 43 பேருக்கும் சொல்ல வேண்டும்.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்கியது என்பதைக் காலவரிசையில் காட்டுங்கள். நாங்கள் வியாழன் 11:40-ஐ எடுத்தோம், அப்போது 43 பேர் விஷயம் தெரியாது என்றாலும். ஞாயிறு காலை 11:40-க்குள் கொடுத்தாக வேண்டும் என்று வைத்துக்கொண்டதால் சனிக்கிழமையே அறிவிப்பு போய்விட்டது. முழு விவரம் கிடைக்கும்வரை காத்திருக்காதீர்கள். தெரிந்ததைக் கொடுத்துவிட்டு மீதியைப் பின்னால் சேர்க்கலாம்.

ஊழியரின் பெயரைப் போட வேண்டுமா?

வேண்டாம். "கணக்குப் பிரிவு ஊழியர்" போதும். டைரக்டருக்கு யார் என்று தெரியும். ஆனால் இந்தத் தாள் வங்கிக்கும், காப்புறுதிக்கும், சில சமயம் வாடிக்கையாளருக்கும் போகும். அதைவிட முக்கியம், 10:42 கடிதத்தைப் பற்றி நமக்குத் தெரிந்த எல்லாமே அவர் ஒளிக்காமல் சொன்னது. "லாரி ஏஜெண்ட்தானேன்னு திறந்துட்டேன்" என்று அவர் சொல்லாவிட்டால் அந்தக் கடிதத்தைத் தேடுவதிலேயே ஒரு நாள் போயிருக்கும். அவருக்குத் தண்டனைக் கடிதம் கொடுத்தால், அடுத்து சொடுக்குபவர் வாயைத் திறக்க மாட்டார்.

"கற்ற பாடங்கள்" பகுதியில் "ஊழியர்களுக்கு விழிப்புணர்வுப் பயிற்சி" தவிர என்ன எழுதுவது?

பயிற்சியைக் கடைசியில் வையுங்கள். முதலில் இந்தச் சம்பவத்தின் எந்த வரியில் எது இருந்திருந்தால் கதை அங்கேயே நின்றிருக்கும் என்று கேளுங்கள்.

10:52-இல் பாஸ்கீ கட்டாயமாக இருந்திருந்தால் நுழைவே நடந்திருக்காது. அறுபது பேருக்கும் ஒரே நாளில் முடியாது. பணத்தைத் தொடும் ஆறு பேருக்கும், நிர்வாக உரிமை உள்ள இருவருக்கும் முதலில். பொறுப்பு யார், எந்தத் தேதிக்குள் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். தேதி இல்லாத பாடம் அடுத்த அறிக்கையிலும் அப்படியே வரும்.

11:20-இல், புதிய விதி உருவானதும் யாருக்காவது எச்சரிக்கை போயிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். இதற்குப் பெரிய செலவு இல்லை. ஆனால் எச்சரிக்கை ஒருவருடைய பெட்டிக்கு மட்டும் போனால் அவர் லீவில் இருக்கும்போது பயனில்லை. தைப்பூசம், தீபாவளி, சீனப் பெருநாள் என்று நம் ஊரில் அலுவலகம் காலியாக இருக்கும் நாட்கள் அதிகம், அவையே வெளியாளுக்கு வசதியான நாட்கள்.

திங்கள் 9:15-ஐத் தடுக்கக் கணினியில் எதுவும் இல்லை. அதற்குத் தாளில்தான் வழி. எங்கள் நிறுவனம் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் கடிதத் தாளில் எழுதியது: எங்கள் வங்கிக் கணக்கு மின்னஞ்சலில் மாறாது, மாறினால் உங்களிடம் ஏற்கனவே இருக்கும் எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள், அந்த மின்னஞ்சலில் இருக்கும் எண்ணுக்கு அல்ல. அதே விதியை நாம் சப்ளையர்களுக்குப் பணம் கொடுக்கும்போதும் வைத்தோம்: கணக்கு எண் மாற்றத்தை ஒருவர் தொலைபேசியில் உறுதி செய்து, யாரிடம் எப்போது பேசினார் என்று எழுதி, இன்னொருவர் கையெழுத்திட்ட பிறகுதான் கணினியில் மாற்றலாம்.

வியாழன் 11:48-இல் நடந்த தவறு மறுபடி வராமலிருக்க, பெட்டி பறிபோனால் செய்யும் வரிசையை ஒரு தாளில் எழுதி ஒட்டினோம். விதிகளைச் சேமி, கடவுச்சொல்லை மாற்று, அமர்வுகளை ரத்து செய், சேர்க்கப்பட்ட ஃபோன்களைப் பார், அனுமதி கொடுத்த செயலிகளைப் பார், வெளியே தானாக அனுப்பும் அமைப்பு இருக்கிறதா பார். ஆறு வரி.

மூன்று மாதம் கழித்து, புதிய விதிக்காக அமைத்த எச்சரிக்கையைச் சோதித்தோம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்கு, கணக்குப் பிரிவுத் தலைவரின் சம்மதத்தோடு, வேறு யாரிடமும் சொல்லாமல், அவர் பெட்டியில் புள்ளி என்ற பெயரில் ஒரு விதியை உருவாக்கினோம். எச்சரிக்கை இரண்டு ஃபோன்களுக்குப் போக வேண்டும். ஒன்றுக்குப் போனது. இன்னொன்று, வேலையை விட்டுப் போய்விட்ட ஒருவருடைய எண்ணாக இருந்தது. திங்கட்கிழமை காலை அதை மாற்றி, அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் அந்தத் தேதியையும் சேர்த்து டைரக்டரிடம் மறுபடி கொடுத்தோம்.